தட்டு வெளியே போகும் முன்: ரத்த அகாரைச் சோதித்து விடுவது எப்படி

கிருமி வளர்க்க ஆட்டு ரத்தம் கலந்து புதிதாக ஊற்றிய ரத்த அகார் தட்டில், நேற்றைய தட்டிலிருந்து ஒரு லூப் நிறைய ஸ்டெஃபைலோகாக்கஸை எடுத்துக் கோடு இழுத்து, மறுநாள் காலையில் தடிப்பாக வளர்ந்திருப்பதைப் பார்த்து, "தொகுதி தேறியது" என்று நோட்டில் எழுதுவது பல ஆய்வுக்கூடங்களில் நடக்கிறது. என் ஆய்வுக்கூடத்திலும் சில வருடம் அப்படித்தான் நடந்தது. அந்த முறையில் தோற்ற தொகுதி ஒன்றுகூட இல்லை. அதைப் பெருமையாகவே நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு லூப் நிறைய என்றால் கோடிக்கணக்கான கிருமிகள். அவற்றில் நூற்றில் தொண்ணூற்றொன்பது செத்துப்போனாலும் மிச்சமிருப்பவை தட்டை நிரப்பிவிடும். ஆகவே அந்தச் சோதனை, கிருமிக்கு உணவாகும் ஊடகத்தைச் சோதிக்கவே இல்லை. கிருமி உயிரோடிருக்கிறது என்பதை மட்டும் சொன்னது.

நோயாளியின் தொண்டையிலிருந்து வரும் பஞ்சுக்குச்சியில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் சில நூறுதான் இருக்கலாம். வழியிலேயே காய்ந்து, பாதி உயிரோடு வந்து சேரும். அந்தச் சில நூறையும் முளைக்க வைத்து, சுற்றிலும் ரத்தத்தைத் தெளிவாகக் கரைத்துக் காட்டுகிற தட்டுதான் நல்ல தட்டு. சோதனையும் அதே அளவில் நடக்க வேண்டும்: நோஞ்சான் கிருமி, எண்ணக்கூடிய எண்ணிக்கை, பக்கத்தில் ஒப்பிட ஒரு பழைய நல்ல தட்டு. இந்த மூன்றையும் வைத்து, 2 லிட்டர் ரத்த அகார் தொகுதி ஒன்றை ஊற்றுவது முதல் வெளியே விடுவது வரை இங்கே எழுதுகிறேன். மெக்கான்கி அகாரில் என்ன மாறும் என்பது கடைசியில் வரும்.

முதலில் ஸ்ட்ரெயின்கள்

சான்று ஸ்ட்ரெயின் என்பது குணங்கள் உறுதிசெய்யப்பட்டு, எண் கொடுத்து, உலகின் எந்த மூலையில் வாங்கினாலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்ற உத்தரவாதத்தோடு சேமிப்பகத்திலிருந்து வரும் கிருமி வகை. இந்தியாவில் சண்டிகரில் உள்ள எம்டிசிசி சேமிப்பகத்திலிருந்து வாங்கலாம். ஏடிசிசி என்ற அமெரிக்கச் சேமிப்பகத்தின் எண் கொண்ட ஸ்ட்ரெயின்களை விற்பவர்களும் உண்டு. ரத்த அகாருக்கு மூன்று போதும்: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் ஏடிசிசி 19615, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே ஏடிசிசி 49619, ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ஏடிசிசி 25923. முதலாவது ரத்தத்தை முழுதாகக் கரைத்துக் கண்ணாடி போன்ற வளையம் காட்ட வேண்டும். இரண்டாவது பச்சை படிந்த அரைகுறை வளையம் காட்ட வேண்டும். மூன்றாவது எதிலும் வளரும் முரடன். அதையும் வைப்பதற்குக் காரணம் உண்டு, பிறகு வருகிறேன்.

நோயாளியிடமிருந்து கிடைத்த கிருமி ஒன்றைச் சாய்வுக் குழாயில் வைத்துக்கொண்டு அதையே வருடக்கணக்கில் சோதனைக்குப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். குழாயில் பிழைத்துக் கிடந்த அந்தக் கிருமி, எந்த மோசமான ஊடகத்திலும் வளரப் பழகியிருக்கும். மட்டமான தட்டையும் அது தேற்றிவிடும்.

வாங்கிய ஸ்ட்ரெயினையும் நாம் கெடுத்துவிடலாம். தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே போனால் அதன் குணம் மெல்ல மாறும், வேறு கிருமி கலந்துவிடவும் கூடும். அதனால் மூல ஆம்பூலிலிருந்து எண்ணினால் ஐந்து மாற்றங்களுக்கு மேல் போகக் கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட வரம்பு. இதைக் காப்பாற்ற ஓர் எளிய ஏற்பாடு உண்டு. ஆம்பூலை உடைத்து, தட்டில் வளர்த்து, தூய்மையும் அடையாளமும் பார்த்தபின், அந்த வளர்ச்சி முழுவதையும் 15 முதல் 20 சதவீதம் கிளிசரால் கலந்த பிராத் என்ற திரவ ஊடகத்தில் கரைத்து, இருபது சிறு குப்பிகளில் பிரித்து மைனஸ் 70 டிகிரியில் வைக்க வேண்டும். மாதத்துக்கு ஒரு குப்பியை எடுத்து ஒரு தாய்த் தட்டு போடலாம். ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு அந்தத் தாய்த் தட்டிலிருந்து வாராவாரம் ஒரு வேலைத் தட்டு எடுத்துக்கொள்ளலாம். போன வாரத்து வேலைத் தட்டிலிருந்து இந்த வாரத் தட்டை எடுப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் மாதக் கடைசியில் எத்தனையாவது தலைமுறை என்றே தெரியாமல் போகும்.

இரண்டு ஸ்ட்ரெப்டோகாக்கஸ்களும் குளிர்பெட்டியில் ஒரு மாதம் தாங்காது. அவற்றை ஒவ்வொரு முறையும் உறைந்த குப்பியிலிருந்தே எடுக்கிறேன். குப்பியை உருகவிடாமல், மேற்பரப்புப் பனியை லூப்பால் சுரண்டித் தட்டில் தேய்த்தால் போதும். உருக்கி மறுபடி உறைய வைத்த குப்பியில் உயிர் பாதியாகிவிடும்.

ஊற்றும்போதே சோதனை தொடங்குகிறது

2 லிட்டர் அடிப்படை அகாரை ஒரே பெரிய குடுவையில் ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது. அறை 121 டிகிரியைத் தொட்டு 15 நிமிடம் ஓடினாலும், பெரிய குடுவையின் நடுப்பகுதி அந்தச் சூட்டை எட்ட நேரமாகும். அதற்கு ஈடுகட்ட நேரத்தைக் கூட்டினால் ஓரத்தில் இருப்பது தீய்ந்துபோகும். ஒவ்வொன்றிலும் அரை லிட்டராக நான்கு குடுவைகள் போதும். வெளியே எடுத்து, 45 முதல் 50 டிகிரி வரை ஆறவிட்டு, அறை வெப்பத்துக்கு வந்த ஆட்டு ரத்தத்தை லிட்டருக்கு 50 மில்லி வீதம் கலக்க வேண்டும். கையால் தொட்டுப் பார்த்துச் சூட்டைச் சொல்லும் அனுபவசாலிகளை நான் நம்புவதில்லை. தண்ணீர்த் தொட்டியும் வெப்பமானியும் வைத்துக்கொள்வதே நல்லது. சூடு அதிகமிருந்தால் செல்கள் உடைந்து தட்டு பழுப்பேறும். குளிர்ந்துவிட்டால் கட்டி கட்டியாக உறையும்.

ரத்தம் கலக்குவதற்கு முதல் நாளே அந்தப் பாட்டிலிலிருந்து ஒரு மில்லியை எடுத்துப் பிராத்தில் போட்டு இன்குபேட்டரில் வைத்துவிடுங்கள். நூறு தட்டுகளைக் கெடுக்க ஒரு பாட்டில் ரத்தம் போதும். பாட்டிலின் மேல் நிற்கும் நீர் செக்கச்சிவப்பாக இருந்தால் செல்கள் ஏற்கெனவே உடைந்திருக்கின்றன. அந்த ரத்தத்தில் வளையம் தெளிவாகத் தெரியாது.

ஆட்டு ரத்தம் கிடைக்காத இடங்களில் ரத்த வங்கியில் காலாவதியான மனித ரத்தத்தை ஊற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பையில் ரத்தம் உறையாதிருக்கச் சிட்ரேட்டும், செல்களுக்கு உணவாகச் சர்க்கரையும் இருக்கும். சர்க்கரை மிகுந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸின் ரத்தக் கரைப்பு மங்கும். கொடுத்தவரின் எதிர்ப்புப் பொருள்களும், அவர் சாப்பிட்ட மருந்தும் அதில் இருக்கலாம். தட்டு அழகாகச் சிவந்திருக்கும், பயோஜீன்ஸ் மட்டும் காட்டாது.

இனி, செலவே இல்லாத ஒரு பழக்கம். தட்டுகளின் அடியில் ஊற்றும் வரிசைப்படி எண் எழுதுங்கள், எந்தக் குடுவை என்ற எழுத்தோடு. ஏ1 முதல் ஏ25 வரை, பிறகு பி1 என்று. தொகுதியில் ஏதாவது முளைத்தால் இந்த எண்தான் துப்புத் தரும். எண் இல்லாத தட்டில் காலனி கண்டால், கெட்டுவிட்டது என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது.

ஊற்றி உறைந்தபின் ஒவ்வொரு குடுவையிலிருந்தும் ஒரு தட்டைப் பலியிட்டு பிஎச் பாருங்கள். அகாரை நொறுக்கி அதில் மின்முனையைப் பதித்தால் போதும், தட்டையான மின்முனை இருந்தால் இன்னும் எளிது. 25 டிகிரியில் 7.3, கூடக்குறைய 0.2. ஆட்டோகிளேவுக்கு முன் பார்த்த பிஎச்சை நோட்டில் எழுதி நிம்மதியடையாதீர்கள். சூட்டில் அது மாறும். இதை நான் ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது சீக்கிரம் தெரியும்.

எதுவும் முளைக்கக் கூடாத சோதனை

நூறு தட்டுவரையான தொகுதியில் ஐந்து சதவீதம், அதற்கு மேல் போனால் பத்துத் தட்டுகள் என்பது நடைமுறையில் உள்ள அளவு. அடுக்கின் மேலிருந்து ஐந்தை எடுக்காமல், குடுவைக்கு ஒன்றாகவும், ஊற்றியதில் கடைசித் தட்டு ஒன்றாகவும் எடுக்கிறேன். விதைக்காமல் அப்படியே 35 முதல் 37 டிகிரியில் 48 மணி நேரம். இரண்டு தட்டு கூடுதலாக இருந்தால் அறை வெப்பத்தில் ஐந்து நாள் வைத்துப் பாருங்கள். பூஞ்சையும், குளிர்பெட்டியில் பெருகக்கூடிய கிருமிகளும் 37 டிகிரியில் அவ்வளவாகக் காட்டிக்கொள்வதில்லை. அந்த ஐந்து நாள் முடிவு தொகுதியை விடுவதற்குக் காத்திருக்க வேண்டியதல்ல, பிறகு வந்து சேரும் எச்சரிக்கை.

24 மணியில் ஒரு முறை, 48 மணியில் ஒரு முறை, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். காலனி இருக்கிறதா என்பது பாதிக் கேள்விதான். எங்கே இருக்கிறது என்பதே முக்கியமானது.

அகாரின் மேல் உட்கார்ந்திருந்தால் ஊற்றும்போதோ பிறகோ காற்றிலிருந்து, கையிலிருந்து, மூடியிலிருந்து வந்தது. தட்டைச் சாய்த்தால் மேற்பரப்பில் மேடாகத் தெரியும். அகாருக்குள்ளே புதைந்து, கண்ணாடி வில்லை போல இரு பக்கமும் குவிந்த சிறு காலனியாக இருந்தால் ஊற்றுவதற்கு முன்பே திரவத்தில் இருந்தது. ஊசி முனையால் தொட்டால் மேலே வராது. ரத்தப் பாட்டிலோ ஆட்டோகிளேவோ காரணம். எண்ணைப் பாருங்கள். பி வரிசை மட்டும் புதைந்த காலனி காட்டினால் பி குடுவை வேகவில்லை. நான்கு வரிசையிலும் ஒரே காலனி என்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான ரத்தத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரு வரிசையின் கடைசித் தட்டுகள் மட்டும் என்றால் குடுவை வாயைச் சுட மறந்திருக்கிறார்கள், அல்லது யாரோ மின்விசிறியைப் போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் மே மாதத்தில் இது பெரும் சபலம்.

காலனியை ஒரு ஸ்லைடில் தேய்த்து கிராம் சாயமிட்டால் கதை முடியும். சாம்பல் நிறத்தில் காய்ந்து பரந்து, கீழே ரத்தத்தைக் கரைத்திருக்கும் தடித்த கோல்கள் பேசிலஸ். வித்துகளாக ஆட்டோகிளேவைத் தாண்டியவை அல்லது தூசியில் வந்தவை. எது என்பதைப் புதைந்ததா மேலிருந்ததா என்று பார்த்து முடிவு செய்யலாம். வெள்ளைப் பொட்டாக இருக்கும் கொத்துக் காக்கஸ்கள் தோலிலிருந்து வந்தவை.

ஐந்தில் ஒரு தட்டில், மேற்பரப்பில் ஒரே ஒரு காலனி. தொகுதியைத் தூக்கிப் போடுவதா? நான் வைத்திருக்கும் விதி இது: மேற்பரப்பில் ஒன்று என்றால் இன்னும் பத்துத் தட்டை வைத்துப் பார்க்கிறேன். அவை அனைத்தும் சுத்தமாக இருந்தால் விடுகிறேன். புதைந்த காலனி ஒன்று கண்டாலும் அந்தக் குடுவையின் தட்டுகள் முழுவதும் குப்பைக்குப் போகும். மேற்பரப்புக் கறை அந்தத் தட்டோடு முடியும். புதைந்தது குடுவை முழுவதும் பரவியிருக்கும். இதே காரணத்தால்தான் ஐந்து தட்டுச் சுத்தமாக இருப்பது மற்ற தொண்ணூற்றைந்துக்கும் சாட்சி சொல்லிவிடாது. சிதறிய மேற்பரப்புக் கறையை ஐந்து சதவீத மாதிரி எளிதில் தவறவிடும். அதைப் பிடிப்பது தினமும் பயன்படுத்துமுன் ஒவ்வொரு தட்டையும் தூக்கிப் பார்க்கும் கண்தான்.

இன்குபேட்டரில் 48 மணி இருந்த தட்டு சுத்தமாக இருந்தாலும் நோயாளிக்குப் பயன்படாது. காய்ந்திருக்கும்.

முளைக்க வேண்டியது முளைக்கிறதா

சிக்கனமான ஆய்வுக்கூடத்தில் எல்லா ஸ்ட்ரெயினுக்கும் எண்ணிக் கொண்டிருக்க முடியாது. பயோஜீன்ஸுக்கு மட்டுமாவது எண்ணுங்கள். மற்ற இரண்டையும் நீர்த்த கரைசலிலிருந்து கோடிழுத்து, தனிக் காலனியின் உருவத்தையும் வளையத்தையும் பார்த்தால் போதும்.

முதல் நாள் மாலை உறைந்த குப்பியிலிருந்து தட்டில் போட்ட பயோஜீன்ஸ் காலையில் தயாராக இருக்கும். சில காலனிகளை எடுத்து 0.85 சதவீத உப்பு நீரில் கலக்கி, 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற தரக் கலங்கலுக்குச் சமப்படுத்துங்கள். பின்னால் கறுப்புக் கோடு போட்ட அட்டையை வைத்து, தரக் குழாயையும் உங்கள் குழாயையும் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் தெரியும். இந்தக் கலங்கலில் மில்லிக்குச் சுமார் 15 கோடி கிருமி. பயோஜீன்ஸ் சங்கிலியாக ஒட்டிக்கொள்ளும் இனம், அதனால் குழாயை நன்றாகக் குலுக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட பத்துப் பேர் சேர்ந்து ஒரே காலனிதான் தருவார்கள்.

இனி நீர்ப்பது. 0.1 மில்லியை 9.9 மில்லி உப்பு நீரில் போட்டால் நூறில் ஒன்று. அதிலிருந்து மறுபடி 0.1 மில்லியை 9.9 மில்லியில். பிறகு அதில் ஒரு மில்லியை 9 மில்லியில். மொத்தம் ஒரு லட்சத்தில் ஒன்று, அதாவது மில்லிக்குச் சுமார் 1,500. இதில் 0.1 மில்லியைத் தட்டில் ஊற்றிக் கண்ணாடிக் குச்சியால் பரப்பினால் 150 காலனி எதிர்பார்க்கலாம். சங்கிலியின் காரணமாக அதைவிடக் குறைவதும் உண்டு, பரவாயில்லை. ஒப்பிடப் போவது எதிர்பார்ப்போடு அல்ல. போன முறை நன்றாக இருந்த தொகுதியிலிருந்து எடுத்து வைத்த தட்டோடு. அதனால்தான் தேறிய ஒவ்வொரு தொகுதியிலும் நான்கு தட்டைப் பையில் கட்டிக் குளிர்பெட்டியின் தனி அடுக்கில் வைக்கச் சொல்கிறேன்.

புதிய தொகுதியில் இரண்டு, பழையதில் இரண்டு. ஒரே குழாயிலிருந்து, ஒரே பிப்பெட்டால், இடைவெளியில்லாமல். வெறும் உப்பு நீரில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மடியத் தொடங்கும், ஆகவே நீர்த்ததும் கால் மணிக்குள் முடித்துவிடுங்கள். நடுவில் தேநீருக்குப் போகாதீர்கள். நான்கையும், மெழுகுவர்த்தியை ஏற்றி மூடிக் கரியமில வாயுவைக் கூட்டும் ஒரே மெழுகுவர்த்தி ஜாடியில் வைத்து 35 முதல் 37 டிகிரியில் 24 மணி நேரம் விடுங்கள்.

மறுநாள் எண்ணி, புதியதின் சராசரியைப் பழையதின் சராசரியால் வகுத்தால் கிடைப்பதுதான் விகிதம். ஐஎஸ்ஓ 11133 என்ற தரநிலை, எந்தக் கிருமியையும் வேண்டுமென்றே தடுக்காத, அதாவது தேர்வுத் தன்மை இல்லாத ஊடகத்துக்கு இந்த விகிதம் 0.7க்குக் குறையக் கூடாது என்கிறது. தேர்வு ஊடகத்துக்கு 0.5. அது உணவு, நீர் ஆய்வுக்காக எழுதப்பட்டது. நான் இரவல் வாங்கிக்கொண்டேன். ஒரு நிதானமும் வேண்டும். நூறு காலனி எண்ணும் தட்டில் பத்து கூடுவதும் குறைவதும் தற்செயலால் மட்டுமே நடக்கும். 100க்கு 88 வந்துவிட்டதென்று பதறுவது வீண். 0.7 என்ற கோடு அந்தத் தற்செயலைக் கடந்த இடத்தில்தான் போடப்பட்டிருக்கிறது.

எண்ணிக்கையோடு முடியவில்லை. காலனியின் அளவையும் வளையத்தின் தெளிவையும் பழையதோடு ஒப்பிடுங்கள். எண்ணிக்கை சரியாக இருந்து காலனிகள் ஊசி முனைபோல் இருந்தால், 18 மணியில் தட்டு பார்ப்பவர் அவற்றைப் பார்க்காமலே விட்டுவிடுவார்.

தோற்ற ஒரு தொகுதி

எண்ணத் தொடங்கிய இரண்டாம் வருடம். நூறு தட்டுத் தொகுதி, ஐந்தும் 48 மணியில் சுத்தம். ஸ்டெஃபைலோகாக்கஸ் பொன்னிறமாக, வழக்கமான அளவில் வளர்ந்திருந்தது. பயோஜீன்ஸ் பழைய தட்டில் 138, 146. புதியதில் 58, 64. சராசரிகள் 142, 61. விகிதம் 0.43. பழைய தட்டின் காலனிகள் ஒரு மில்லிமீட்டர் இருக்க, புதியதில் பாதி. பழையதில் வளையத்தின் வழியே நாளிதழ் எழுத்தைப் படிக்க முடிந்தது. புதியதில் மங்கலான ஒளிவட்டம் மட்டுமே.

முரடன் தேறி நோஞ்சான் தோற்றதைக் கவனியுங்கள். மூன்றாவது ஸ்ட்ரெயினை வைப்பது இதற்காகத்தான். இரண்டும் தோற்றால் கரைசலிலோ இன்குபேட்டரிலோ கோளாறு இருக்கலாம். ஒன்று மட்டும் தோற்றால் ஊடகத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதிலும் பழைய தட்டில் அதே கிருமி நன்றாக வந்திருப்பதால் கிருமியைக் குற்றம் சொல்ல வழியில்லை.

நோட்டில் பிஎச் 7.3 என்று எழுதியிருந்தது. ஆனால் அது ஆட்டோகிளேவுக்கு முன் பார்த்தது. மிச்சமிருந்த தட்டை நொறுக்கிப் பார்த்தபோது 6.9. கோடிழுத்த இடங்களில் லூப் அகாரைக் கிழித்திருந்ததும் அப்போதுதான் கண்ணில் பட்டது. அமிலமேறிய அகார் நீண்ட சூட்டில் தன் இறுக்கத்தை இழக்கும். ஊடகம் தயாரித்த தம்பியைக் கேட்டேன். சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: "நடுவில் கரண்ட் போய்விட்டது சார். எத்தனை நிமிடம் ஓடியது என்று தெரியவில்லை. அதனால் முதலிலிருந்து திரும்பவும் போட்டேன்."

அவர் செய்ததில் நியாயம் இருக்கிறது. வேகாத ஊடகத்தைவிட அதிகம் வெந்தது மேல் என்று நினைத்தார். ஆனால் இரண்டு சுற்றிலும் ஏறி இறங்கும் நேரத்தைக் கூட்டினால் அகார் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கொதிநிலையில் இருந்திருக்கும். அதில் ஊட்டப்பொருள்கள் ஒன்றோடொன்று வினைபுரிந்து நிறம் கறுக்கும், பிஎச் இறங்கும், நுணுக்கமான கிருமிகளுக்கு ஒவ்வாத பொருள்கள் உண்டாகும். ரத்தம் கலந்தபின் அந்தக் கறுப்பு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். மற்ற ஊடகங்களில் நிறம் பார்த்தே பிடித்துவிடும் குற்றம், ரத்த அகாரில் மட்டும் ஒளிந்துகொள்கிறது.

சந்தேகம் உறுதியாக வேண்டுமே. அதே டப்பாத் தூளில் நூறு மில்லி வீதம் இரண்டு குடுவை கரைத்தோம். ஒன்றை ஒரு சுற்று, மற்றொன்றை இரண்டு சுற்று ஆட்டோகிளேவ் செய்து, அதே ரத்தப் பாட்டிலிலிருந்து கலந்து, அதே பழைய தட்டுகளோடு எண்ணினோம். ஒரு சுற்றுக்கு விகிதம் 0.94. இரண்டு சுற்றுக்கு 0.47. தூளும் ரத்தமும் குற்றமற்றவை என்று ஆயிற்று. தொகுதி குப்பைக்குப் போனது. அன்று முதல் ஆட்டோகிளேவ் பதிவேட்டில் மின்தடைக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. நின்றுபோன சுற்றின் அகாரைத் திரும்பப் போடாமல் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. கொட்டியதற்கு யாரையும் திட்டுவதில்லை என்பதும் விதியின் ஒரு பகுதி. திட்டினால் அடுத்த மின்தடை பதிவேட்டில் வராது.

மெக்கான்கியில் எது மாறும்

மெக்கான்கி அகார் பலரை வளரவிடாமல் தடுத்து, சிலரை மட்டும் அனுமதித்து, அவர்களிலும் லாக்டோஸ் புளிக்க வைப்பவர்களை இளஞ்சிவப்பாகக் காட்டுகிறது. ஆகவே இங்கே இரு திசையிலும் சோதனை வேண்டும். வளர வேண்டியதைக் குறைவாகப் போட வேண்டும், தடுக்கப்பட வேண்டியதை நிறையப் போட வேண்டும். இதைத் தலைகீழாகச் செய்தால் எந்தத் தட்டும் தேறிவிடும்.

ஈ.கோலை ஏடிசிசி 25922, புரோட்டியஸ் மிராபிலிஸ் ஏடிசிசி 12453 இரண்டுக்கும் 0.5 மெக்ஃபார்லண்டை நூறில் ஒன்றாக நீர்த்து 10 மைக்ரோலிட்டர். ஈ.கோலை இளஞ்சிவப்பாக வர வேண்டும். புரோட்டியஸ் நிறமற்று, தட்டு முழுக்க அலையாகப் பரவாமல் தனித்தனிக் காலனியாக நிற்க வேண்டும். தடுக்கப்பட வேண்டிய என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் ஏடிசிசி 29212க்குப் பத்தில் ஒன்று மட்டுமே நீர்த்து அதே 10 மைக்ரோலிட்டர், அதாவது சுமார் ஒன்றரை லட்சம் கிருமி. அத்தனை போட்டும் ஒன்றுமே வராமலோ, இங்கொன்று அங்கொன்றாக மட்டும் வந்தாலோ தட்டு தேறியது.

என்டரோகாக்கஸ் செழித்து வந்தால் பதறுமுன் டப்பாவின் லேபிளைப் படியுங்கள். மெக்கான்கி தூள் கிரிஸ்டல் வயலட் சேர்த்தும் சேர்க்காமலும் விற்கப்படுகிறது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவே உள்ள அந்தச் சாயம்தான் பித்த உப்போடு சேர்ந்து கிராம் பாசிட்டிவ்களைத் தடுக்கிறது. அது இல்லாத வகையில் என்டரோகாக்கஸ் வளர்வது இயல்பே. விலை குறைவென்று கொள்முதல் பிரிவு வகையை மாற்றி வாங்கியதை நாங்கள் ஒருமுறை கண்டுபிடித்தது இந்தச் சோதனையால்தான்.

மெக்கான்கியின் நுண்ணுயிரற்ற நிலைச் சோதனை ரத்த அகாரின் அளவுக்கு நம்பத்தக்கதல்ல. காற்றிலிருந்து விழும் பெரும்பாலான காக்கஸ்களையும் பேசிலஸையும் ஊடகமே அமுக்கிவிடும். தட்டு வெறுமையாக இருக்கும், கிருமி அதில் உயிரோடு கிடக்கும். அதனால் மெக்கான்கி ஊற்றிய அதே நாளில் அதே மேசையில் ரத்த அகாரும் ஊற்றி, அதன் முடிவை மேசையின் சுத்தத்துக்குச் சான்றாகப் பார்த்துக்கொள்கிறேன்.

விடுவதும் வைப்பதும்

திங்கள் மதியம் ஊற்றினால், அன்று மாலையே ஐந்து தட்டும் இன்குபேட்டருக்குப் போகும். செவ்வாய் காலை விதைப்பு, புதன் காலை எண்ணிக்கை, புதன் மாலை 48 மணி முடிவு. வியாழன் காலையில் விடலாம். இந்த மூன்று நாளும் தொகுதி மஞ்சள் சீட்டு ஒட்டிய பெட்டியில், வேலை மேசைக்கு எட்டாத குளிர்பெட்டியில் இருக்க வேண்டும். கையிருப்பு ஐந்து நாளுக்குக் கீழே இறங்கும்போதே அடுத்ததை ஊற்றிவிட வேண்டும் என்பது இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது. கையிருப்பு தீர்ந்தபின் ஊற்றும் ஆய்வுக்கூடத்தில் மஞ்சள் சீட்டு இரண்டாம் நாளே கிழிக்கப்படும், யார் என்ன சொன்னாலும்.

பதிவேட்டில் ஒரு தொகுதிக்கு ஒரு பக்கம். தூளின் லாட் எண், ரத்தம் வந்த தேதி, ஆட்டோகிளேவ் சுற்று, ஊற்றியபின் பிஎச், ஐந்து தட்டின் எண்களும் கண்டதும், பயோஜீன்ஸின் நான்கு எண்ணிக்கையும் விகிதமும். "சரி" என்று மட்டும் எழுதுவதை நான் ஏற்பதில்லை. எண் இருந்தால்தான், 0.95, 0.91, 0.84, 0.78 என்று நான்கு தொகுதிகளாக மெல்ல இறங்குவது தெரியும். நான்கும் தேறியவைதான். ஆனால் அந்த வரிசையைப் பார்த்ததும் நான் முதலில் தூள் டப்பாவின் மூடியைத் திறந்து பார்ப்பேன். ஈரம் ஏறிக் கட்டியாகத் தொடங்கியிருக்கும். ஒப்பிடும் பழைய தட்டும் ஒவ்வொரு முறையும் சற்றே மட்டமானதாக மாறிக்கொண்டிருப்பதால், உண்மையான இறக்கம் அந்த எண்கள் காட்டுவதைவிடப் பெரிது. வருடத்துக்கு இருமுறை, புதிதாகத் திறந்த டப்பாவில் அதிகக் கவனத்தோடு செய்த சிறு தொகுதியை ஒப்பீட்டுத் தட்டாக வைத்து இந்தச் சறுக்கலை நேர்செய்துகொள்கிறேன்.

தேறிய தட்டுகளைத் தலைகீழாகப் பையில் கட்டி 2 முதல் 8 டிகிரியில் வைத்தால் எங்களிடம் இரண்டு வாரம் ஓடுகிறது. பதினான்காம் நாள் மிச்சமிருக்கும் தட்டு ஒன்றில் பயோஜீன்ஸை மறுபடி ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அந்த இரண்டு வாரம் உங்கள் குளிர்பெட்டிக்கும் பொருந்துகிறதா என்பது அதில் தெரியும். எங்கள் பழைய குளிர்பெட்டியில், கதவோரத் தட்டுகளுக்குப் பத்து நாள்தான் கிடைத்தது.